முடிந்துபோன கட்டடத்தை எப்போது நீக்குவது?

மாலை வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போது தூரத்து நகரத்தில் தனித்தனிக் கட்டடங்கள் தெரிவதில்லை. எல்லாம் ஒரே நிழலாகி, மேல்விளிம்பு மட்டும் ஏறியிறங்கும் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கணினியிடம் வரையச் சொல்வதுதான் ‘ஸ்கைலைன்’ கணக்கு. உடி மேன்பர் 1989-இல் வெளியிட்ட அல்காரிதம் பாடநூலில் இது உண்டு. மென்பொருள் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு இது லீட்கோட்டின் 218-ஆம் கணக்கு.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று எண்கள் தரப்படும்: இடது விளிம்பு, வலது விளிம்பு, உயரம். கோட்டின் உயரம் எங்கெங்கே மாறுகிறது என்பதுதான் விடை.

இடமிருந்து வலமாக ஒவ்வொரு புள்ளியிலும் நின்று உயரம் பார்ப்பது வீண் வேலை. லீட்கோட் கணக்கில் விளிம்பின் எண் 214 கோடியைத் தாண்டலாம். கட்டடங்களோ அதிகபட்சம் 10,000. உயரம் மாறுவதென்றால் ஏதாவது ஒரு கட்டடம் தொடங்கும் இடத்திலோ முடியும் இடத்திலோதான் மாறும். ஆகவே, செங்குத்தான கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்வதாக வைத்துக்கொண்டு, விளிம்புகளில் மட்டும் அதை நிறுத்தினால் போதும். இதைத்தான் ‘ஸ்வீப் லைன்’ என்கிறார்கள். 10,000 கட்டடங்களுக்கு 20,000 நிறுத்தங்களுக்கு மேல் வராது.

நிற்கும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: இப்போது கோட்டைத் தொடும் கட்டடங்களில் எது உயரமானது? இதற்கு ‘மேக்ஸ் ஹீப்’ பொருத்தமானது. அதில் பெரிய எண் எப்போதும் உச்சியில் இருக்கும், பார்த்தவுடன் கிடைக்கும். சிக்கல் நீக்கும்போதுதான். கட்டடம் முடிந்ததும் அதை ஹீப்பிலிருந்து எடுக்க வேண்டும், ஆனால் அது நடுவில் எங்கோ புதைந்திருக்கலாம். தேடுவதென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் இந்தக் கணக்கின் அழகான யோசனை வருகிறது. தேடவே வேண்டாம். உச்சிக்கு வராத கட்டடம் விடையை மாற்றப்போவதில்லை. அது முடிந்துபோயிருந்தாலும் உள்ளேயே கிடக்கட்டும். உச்சிக்கு வரும்போது அதன் வலது விளிம்பைப் பார்த்து, காலம் கடந்ததென்றால் அப்போது எறிந்தால் போதும். இதற்கு ‘லேஸி டெலிஷன்’ என்று பெயர்.

மூன்று கட்டடங்களை வைத்துப் பார்க்கலாம். முதலாவது 2 முதல் 10 வரை, உயரம் 9. இரண்டாவது 4 முதல் 7 வரை, உயரம் 14. மூன்றாவது 5 முதல் 12 வரை, உயரம் 11.

கோடு 2-இல் நிற்கும்போது உயரம் 9, 4-இல் 14. 5-இல் மூன்றாவது கட்டடம் உள்ளே வந்தாலும் உச்சி 14 தான், எதுவும் எழுத வேண்டாம். 7-இல் உச்சியில் இருப்பது முடிந்துவிட்டது. எடுத்தால் 11 மேலே வருகிறது. 10-இல் முதல் கட்டடம் முடிகிறது, ஆனால் அது 11-க்குக் கீழே இருப்பதால் யாரும் தொடுவதில்லை. 12-இல் 11 போனதும், அந்தப் பழைய 9 உச்சிக்கு வருகிறது. அதன் வலது விளிம்பு 10, எப்போதோ தாண்டியாயிற்று. அதையும் எடுத்தால் ஹீப் காலி, உயரம் 0. விடை: (2,9), (4,14), (7,11), (12,0).

பைத்தானில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடக்கும் வேலை இது. `heapq` சிறிய எண்ணை உச்சியில் வைப்பதால் உயரத்தை எதிர்மறையாக்கிப் போடுவது வழக்கம். `b` என்பது இடது விளிம்புப்படி வரிசைப்படுத்திய பட்டியல்.

```python
while i < len(b) and b[i][0] <= x:
    heapq.heappush(heap, (-b[i][2], b[i][1]))
    i += 1
while heap and heap[0][1] <= x:
    heapq.heappop(heap)
top = -heap[0][0] if heap else 0
if not out or out[-1][1] != top:
    out.append((x, top))
```

இரண்டாவது `while` இருக்கும் இடத்தில் `if` எழுதினால், 12-இல் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, முடிந்துபோன 9-ஐ உயிருள்ளதாக நம்பி (12,9) என்று எழுதிவிடும். அதே வரியில் `<=` என்பதற்குப் பதில் `<` போட்டால் 14 உயரம் 10 வரை நீண்டுவிடும். கோடு தரைக்கு இறங்கவே இறங்காது. விடையின் கடைசிப் புள்ளியில் உயரம் 0 இல்லையென்றால் பிழை இருப்பது உறுதி.

ஒட்டி நிற்கும் கட்டடங்களும் ஏமாற்றும். 0 முதல் 2 வரை ஒன்று, 2 முதல் 5 வரை இன்னொன்று, இரண்டும் உயரம் 3 என்றால் 2-இல் எந்த மாற்றமும் இல்லை. முடிவையும் தொடக்கத்தையும் தனித்தனியாகக் கையாண்டால் அங்கே 0-க்கு இறங்கி மறுபடி 3-க்கு ஏறும் பொய்ப் பள்ளம் விழும். ஓரிடத்தில் நடப்பதையெல்லாம் முடித்த பிறகே உயரம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டடமும் ஒருமுறை ஹீப்பில் ஏறி, அதிகபட்சம் ஒருமுறை இறங்குகிறது. அதனால் மொத்த வேலை `n log n` அளவுதான். நினைவகத்தில்தான் கொஞ்சம் விலை கொடுக்கிறோம். மிக உயரமான கட்டடம் ஒன்று நகரம் முழுக்க நீண்டிருந்தால், அதன் கீழே முடிந்துபோன ஆயிரக்கணக்கான சிறு கட்டடங்கள் கடைசி வரை ஹீப்பில் தேங்கிக் கிடக்கும். அது பொறுக்காதவர்கள் சி++ மொழியின் `multiset`-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நடுவில் இருப்பதையும் உடனே நீக்கலாம், வேலையின் அளவும் `n log n`-ஐத் தாண்டாது.