மருந்துக் கடைக்கு பில் மென்பொருள்: வாங்குமுன் ஒரு சோதனை

திக்லிபூரில் மருந்துக் கடை நடத்தும் அன்பர்கள் சிலர், எந்த பில் மென்பொருள் வாங்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. பெயரைச் சொல்வதைவிட, விற்பவர் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள் என்பேன்.

ஒரே பாராசிட்டமால் மாத்திரையை இரண்டு பேட்ச்சாகப் பதியுங்கள். முதலில் வந்ததற்குக் காலாவதி 11/2028, அடுத்து வந்ததற்கு 03/2028 என்று கொடுங்கள். பில் போடும்போது 03/2028 பேட்ச்சைத்தான் அது முதலில் காட்ட வேண்டும். வந்த வரிசைப்படி கழித்தால் அந்த அட்டைகள் அலமாரியிலேயே வீணாகும். கையில் எடுத்த அட்டை வேறு பேட்ச்சானால், பில்லிலும் மாற்ற முடியவேண்டும். இல்லையேல் கணக்கு ஒன்று, சரக்கு ஒன்று. 03/2028 என்றால் மார்ச் 31 வரை விற்கலாம். மார்ச் 1 அன்றே தடுக்கும் மென்பொருள் நமக்கு வேண்டாம்.

காலாவதி எச்சரிக்கை எத்தனை நாள் முன்பு வரவேண்டும் என்பதை நாமே குறிக்க வசதி வேண்டும். இங்கிருந்து ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கென்றால் அதன்பின் கப்பல். திருப்பி அனுப்பும் சரக்கு, மொத்த வியாபாரி ஏற்கும் கெடுவுக்குள் போய்ச் சேரவேண்டுமே! 90 நாள் போதாது. நான் 180 என்று வைப்பேன்.

கணக்கின் நகலை இணையத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள். இரண்டு பென் டிரைவில் ஒருநாள்விட்டு ஒருநாள் மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் ஏற்றி, கடைசி பில் எண்ணும் ஏதேனும் ஒரு மருந்தின் பேட்ச் இருப்பும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். இதற்கு விற்பவரின் ஆள் வந்துதான் ஆகவேண்டும் என்றால், வேறு மென்பொருள் தேடுங்கள்.