பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்: எப்போது லாபம்?

நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவற்றின் வட்டி, வெளியிடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு சந்தையில் வட்டி இறங்கினாலும் பழைய விகிதத்தையே கொடுத்துவர வேண்டும். குறைந்த வட்டிக்குப் புதுப் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தில் பழையதைத் தவணைக்கு முன்பே அடைத்துவிடுவது இதற்கு ஒரு வழி. ஆனால் அப்படி அடைக்கும் உரிமை, அதாவது ‘கால் ஆப்ஷன்’, பத்திர ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சர்தார் சரோவர் நர்மதா நிகம் 1993-ல் வெளியிட்ட பத்திரம் சான்று. 3,600 ரூபாய் கட்டியவருக்கு 20 ஆண்டு கழித்து 1,11,000 ரூபாய் தருவதாக வாக்குறுதி. இது ஆண்டுக்கு ஏறக்குறைய 18.7 சதவீதக் கூட்டு வட்டி. நாட்டில் வட்டி வெகுவாக இறங்கிய பிறகும் இடையில் அடைக்க வழியில்லாததால், குஜராத் அரசு 2008-ல் அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

உரிமை இருந்தாலும் அது இலவசமல்ல. நல்ல வட்டி தந்த பத்திரத்தை இழக்கும் முதலீட்டாளர், திரும்பி வரும் பணத்தைக் குறைந்த வட்டியில்தான் போட முடியும். அதற்கு ஈடாக முகமதிப்புக்கு மேல் தரப்படும் தொகையே மீட்பு பிரீமியம். இதோடு புதுப் பத்திரத்தை வெளியிடும் செலவும் சேரும். வட்டியில் மிச்சமாகும் தொகை இவற்றை ஈடுகட்டி மேலும் நிற்குமா என்பதே கேள்வி.

ஓர் உதாரணம். ஒரு நிறுவனத்துக்கு 10 சதவீத வட்டியில் 100 கோடி ரூபாய்ப் பத்திரக் கடன் உள்ளது. இன்னும் 8 ஆண்டு பாக்கி. இன்று அதே 8 ஆண்டுக்கு 8 சதவீதத்தில் கடன் கிடைக்கிறது. மீட்பு பிரீமியம் 4 சதவீதம், வெளியீட்டுச் செலவு 1.20 கோடி, வரி விகிதம் 25 சதவீதம் என்று கொள்வோம்.

முதலில் இன்றைய செலவு. பிரீமியம் 4 கோடி. அதை வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடிந்தால் உண்மைச் சுமை 3 கோடி. வெளியீட்டுச் செலவு 1.20 கோடி. புதுப் பணம் கைக்கு வந்து பழைய கடன் அடைபடும் வரை, ஏறக்குறைய ஒரு மாதம், இரண்டு கடனுக்கும் வட்டி ஓடும். இடையில் அந்தப் பணத்தைக் குறுகிய கால முதலீட்டில் போட்டு ஈட்டுவதைக் கழித்தால் இதில் 25 லட்சம் போகும். ஆக மொத்தம் 4.45 கோடி. அசல் 100 கோடி ஒரு கையில் வந்து மறு கையில் போவதால் கணக்கில் சேராது.

அடுத்து வரவு. ஆண்டு வட்டி 2 கோடி குறைகிறது. வட்டி குறைந்தால் வரிக் கழிவும் குறையும் என்பதால் உண்மையில் மிஞ்சுவது 1.50 கோடி. வெளியீட்டுச் செலவை 8 ஆண்டுக்குப் பிரித்து எழுதுவதால் ஆண்டுக்கு 3.75 லட்சம் வரி மிச்சம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1.54 கோடி.

இதை எட்டால் பெருக்கி 12 கோடிக்கு மேல் லாபம் என்று முடிவு கட்டுவது பலர் செய்யும் தவறு. எட்டாம் ஆண்டில் மிச்சமாகும் ரூபாய்க்கு இன்று அந்த மதிப்பு கிடையாது. புதுக் கடனின் வரிக்குப் பிந்தைய வட்டியான 6 சதவீதத்தில் கழித்தால் அத்தனை ஆண்டு மிச்சத்தின் நிகழ்கால மதிப்பு 9.55 கோடி. செலவு போக நிகர லாபம் 5.10 கோடி.

இதே கணக்கைப் புதுக் கடனின் வட்டி 9 சதவீதம் என்று வைத்துப் போட்டால் மிச்சத்தின் மதிப்பு 4.75 கோடிதான், லாபம் 30 லட்சமாகச் சுருங்கிவிடும். வட்டி ஒரு சதவீதம் இறங்கியதுமே அவசரப்பட்டால் அநேகமாக எல்லாப் பயனும் பிரீமியத்திலும் செலவிலும் கரைந்துபோகும். இரண்டு கடனின் கால அளவும் ஒன்றாக இருப்பதும் முக்கியம். 8 ஆண்டுக் கடனை 15 ஆண்டுக் கடனாக்கி, குறைந்த தவணையைக் காட்டி லாபம் என்று சொல்வது கடனை நீட்டிப்பதே அன்றி மிச்சமல்ல.

லாபம் கணக்கில் தெரிந்தாலும் இன்றே அடைக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை அடைத்துவிட்டால் பழைய பத்திரத்தின் மீட்பு உரிமை தீர்ந்துவிடும். வட்டி இன்னும் இறங்கினால் அந்தப் பலன் கிடைக்காது. காத்திருக்கும்போது வட்டி ஏறினாலோ இப்போதைய லாபமும் போய்விடும். இதனால்தான் அமெரிக்க நகராட்சிப் பத்திரங்களில், அடைக்கும் கடனில் குறைந்தது 3 சதவீதமாவது நிகழ்கால மதிப்பில் மிஞ்ச வேண்டும் என்ற அளவுகோல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அந்த அளவுகோலின்படி மேலே கண்ட நிறுவனம் 8 சதவீதத்தில் அடைக்கலாம். 9 சதவீதத்தில் காத்திருப்பதே சரி.