"இல்லை" என்று எழுதும் கடிதம்

ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பதவிக்கு வெற்றிடம் ஏற்படுகிறது. இறுதி நேர்முகப் பரீட்சைக்கு மூவர் அழைக்கப்படுகின்றனர். ஒருவர் தெரிவாகிறார். மற்றைய இருவருக்கும் எப்படி எழுதுவது? பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்:

"தங்கள் தகைமைகள் எம்மைப் பெரிதும் கவர்ந்தன. எனினும் தற்போதைக்குத் தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலாதுள்ளது. தங்கள் விண்ணப்பம் எமது கோவையில் இருக்கும்."

கேட்பதற்கு இது இதமாகவே இருக்கிறது. ஆனால் "தற்போதைக்கு" என்ற சொல்லில் கதவு பாதி திறந்திருக்கிறது. "கொஞ்சம் பொறுத்திரு, கூப்பிடுவார்கள்" என்று வீட்டில் உம்மா சொல்வார். அந்த நம்பிக்கையில் அவள் வேறோர் இடத்தில் கிடைத்த வேலையைக்கூடத் தள்ளிப்போடலாம். மனம் நோகக்கூடாதென்று முடிவை மறைத்ததால் வந்த நட்டம் இது.

அதே கடிதத்தை இப்படி எழுதிப் பார்ப்போம்:

"செவ்வாய்க்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு வந்தமைக்கு நன்றி. இப்பதவிக்கு வேறொருவரைத் தெரிவுசெய்துள்ளோம் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவுகளை முன்னர் தயாரித்த அனுபவம் இப்பதவிக்கு முக்கியமாக இருந்தது. எமது தெரிவு அதன் அடிப்படையிலேயே அமைந்தது. பேரேட்டிலிருந்த பிழையைத் தாங்கள் படிப்படியாகக் கண்டுபிடித்த விதத்தைக் குழுவினர் மூவரும் பாராட்டினர்."

இங்கே முடிவு இரண்டாவது வசனத்திலேயே வந்துவிடுகிறது. வாசிப்பவள் கடிதத்தின் அடிவரை தேடவேண்டியதில்லை. காரணம் அவளைப் பற்றியதன்று, பதவிக்குத் தேவையான ஒன்றைப் பற்றியது. அதை அவள் பின்னர் கற்றுக்கொள்ளவும் முடியும். பாராட்டோ பரீட்சை அறையில் உண்மையாகவே நடந்த ஒன்று. எவருக்கும் பொருந்தும் புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை.

காரணம் எழுதும்போது ஓர் எல்லை உண்டு. குழுவினர் புள்ளியிட்ட விடயத்தையே எழுதவேண்டும். தெரிவானவரோடு ஒப்பிடுவதும், புதிதாக ஒரு காரணத்தைக் கற்பிப்பதும் ஆகாது. பின்னர் அவள் தொலைபேசியில் விளக்கம் கேட்டால், எழுதியதும் சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும். "மீண்டும் விண்ணப்பியுங்கள்" என்பதையும் உண்மையாகவே விரும்பினால் மட்டும் எழுதலாம்.

அனுப்பும் நேரமும் முக்கியம். தெரிவானவர் எழுத்து மூலம் சம்மதித்த அன்றே கடிதம் போகவேண்டும். அதற்கு முன் அனுப்பினால், அவர் மறுக்கும்போது அடுத்தவரிடம் திரும்பிச் செல்வது சங்கடமாகிவிடும். சம்மதம் தாமதித்தால், "முடிவை இன்ன திகதிக்குள் அறிவிப்போம்" என்று ஒரு வரியாவது அனுப்பவேண்டும்.

கடைசியில் "நிர்வாகம்" என்று மட்டும் இடாமல், குழுவில் இருந்த ஒருவர் தம் பெயருடன் ஒப்பமிட வேண்டும். தன்னை நேரில் கண்டு பேசியவரே எழுதுகிறார் என்பது அவளுக்குத் தெரியட்டும்.