சேலைக்கு முன் விலை வரட்டும்

சின்னாளபட்டி சுங்குடிச் சேலை ஒன்றைப் படமெடுத்து, 4 எம்பி கோப்பாக வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' வழியே ஒருவர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் தேய்ந்து நொடிக்கு 200 கிலோபிட் மட்டுமே கிடைக்கும் ஊரில், அது இறங்க 160 நொடி பிடிக்கும்.

அதே படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 75 சதவீதத் தரத்தில் ஜேபெக்காகச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபி அளவில் நிற்கும். எட்டே நொடியில் வந்துவிடும். ஜரிகை ஓரம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டோம் என்று அர்த்தம். தரத்தைச் சற்றே கூட்டலாம்.

எழுத்துக்கு எடை குறைவு. படத்துக்கு முன்பே அது வந்துவிடும். ஆனால் இன்ஸ்டாகிராமில் நீண்ட குறிப்பு முதல் ஓரிரு வரிகளோடு மடிந்துவிடுகிறது. விலை, அளவு, ஊர் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். படத்துக்குள் எழுதிப் பூட்டாதீர்கள்.