தீபாவளிப் பரிசுப் பெட்டி: நிறுவனங்களிடம் விற்கும் முறை

தீபாவளிப் பரிசுப் பெட்டியை நிறுவனங்களுக்கு விற்கும்போது அதைத் தின்னப் போகிறவர் வேறு, வாங்க முடிவெடுப்பவர் வேறு. தொழிலாளியின் வீட்டில் பெட்டியைப் பிரிக்கும் குழந்தைக்கு ருசி முக்கியம். ஆர்டர் கொடுக்கும் மனிதவள அதிகாரிக்கு வேறு கவலைகள்: எண்ணிக்கை குறையாமல் வருமா, சொன்ன தேதிக்கு வருமா, பில்லைக் கணக்குப் பிரிவு கேள்வி கேட்காமல் ஏற்குமா, மறுநாள் யாராவது “முறுக்கு நொறுங்கியிருந்தது” என்று வந்து நிற்பார்களா. இந்த நான்குக்கும் பதில் சொல்லும் கடிதம்தான் ஆர்டர் கொண்டுவருகிறது. ருசியைப் பற்றி எழுதியதை எல்லாம் அவர் படிக்காமல் தாண்டிவிடுவார்.

தென் மாவட்டத்தில் ஒரு சிறு பலகாரக் கூடம், கோயம்புத்தூரில் 240 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தொழிற்சாலைக்குப் பெட்டி விற்க முயல்வதாக வைத்துக்கொள்வோம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தைய கடைசி வேலைநாள்களில்தான் பெட்டி கைக்கு வரும். ஆகவே சரக்கு நவம்பர் 3 வாக்கில் ஆலை வாசலில் இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், ஆர்டர் செப்டம்பர் 20க்குள் உறுதியாக வேண்டும். பெட்டி அச்சாகக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஆகும். சிவகாசியில் அது காலண்டர், டைரி அச்சடிக்கும் பருவம், அச்சகங்களில் இடம் கிடைப்பது கடினம். சாம்பிள் பார்க்கவும் மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கவும் ஒரு மாதம் போய்விடும். எனவே முதல் மின்னஞ்சல் ஆகஸ்ட் நடுவில் போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசி வாரம் சம்பளப் பட்டியல் போடும் வாரம், அப்போது போகிற கடிதம் அடியில் புதைந்துவிடும்.

கடிதத்துக்கு முன்னால் பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். ஆலை வாசலில் இறங்கிய நாளிலிருந்து வீட்டில் தின்று முடிக்கும்வரை குறைந்தது பத்து நாளாவது பலகாரம் கெடாமல் இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு எத்தனை பெயர் இருந்தாலும் பால் பண்டம் என்பதால் இந்தப் பெட்டிக்கு ஆகாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் மணப்பாறை முறுக்கும் தாங்கும். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை, முன்னது 2020இல், பின்னது 2023இல். இவற்றோடு நெய் மைசூர்பா கால் கிலோ, வறுத்த முந்திரி 100 கிராம், ஒரு ஜோடி மண் அகல் விளக்கு சேர்த்தால் பெட்டி நிறைந்துவிடும். விளக்கும் கோலமும் அட்டையில் இருக்கலாம், சாமி படம் வேண்டாம். 240 பேரில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள், அந்தப் பெட்டி எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும்.

பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போதே வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால் ஜிஎஸ்டி சட்டப்படி அது ‘கலப்பு வழங்கல்’. உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ அதே விகிதம் முழுப் பெட்டிக்கும் விழும். இனிப்பு, காரம், முந்திரி எல்லாம் இப்போது 5 சதவீதத்தில் இருக்கின்றன. பெட்டி எடுப்பாகத் தெரியட்டும் என்று 18 சதவீத வரி உள்ள ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை அதில் வைத்தால், கடலை மிட்டாய்க்கும் 18 சதவீதம் கட்ட வேண்டியதாகிவிடும். அப்படி ஒரு பொருள் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால், அதைத் தனி விலை போட்டுத் தனியாக விற்பது நல்லது.

வாங்கும் நிறுவனத்துக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை அது உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்க முடியாது. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. வரியும் அதற்குச் செலவுதான். ஆகவே “விலை 619, வரி தனி” என்று எழுதுவதைவிட “எல்லாம் சேர்த்து 650” என்று எழுதினால் அதிகாரி தன் பட்ஜெட்டோடு உடனே ஒப்பிட்டுக்கொள்வார்.

அந்த 650 எப்படி வந்தது? கடலை மிட்டாய் 60, முறுக்கு 80, மைசூர்பா 170, முந்திரி 90, அகல் 20, அட்டைப்பெட்டி 60, அடுக்கும் கூலி 20, லாரி வாடகை 15 என்று 515 ரூபாய் ஆகிறது. உடைசலுக்கும் சாம்பிளுக்கும் 15 சேர்த்தால் 530. இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. 619 ரூபாயில் விற்றால் பெட்டிக்கு 89 மிச்சம், 5 சதவீத வரியோடு விலை 650. இப்போது அதிகாரி பத்து சதவீதம் தள்ளுபடி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 62 ரூபாய் போய்விடும், மிஞ்சுவது 27. ஒரு கூடை மைசூர்பா பதம் தவறினால் அதுவும் இருக்காது. விலை குறைய வேண்டுமானால் முந்திரியை எடுத்துவிட்டு இன்னொரு பெட்டியாகக் காட்டலாம். அதே பெட்டியை மலிவாகக் கொடுக்கக் கூடாது.

இனி மின்னஞ்சல். அது பெயர் போட்டு ஒருவருக்கு மட்டும் போக வேண்டும். ஐம்பது நிறுவனங்களின் முகவரியை ஒரே வரியில் போட்டு அனுப்பினால், யார் யாருக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பதில் எழுத மாட்டார்கள். தலைப்பு வரியிலேயே எண்ணிக்கையும் விலையும் தேதியும் இருக்கட்டும். மாதிரி இது:

பொருள்: 240 தீபாவளிப் பெட்டிகள், வரி உட்பட ரூ.650, நவம்பர் 3 அன்று உங்கள் ஆலையில்

மதிப்பிற்குரிய (பெயர்) அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆலைத் தொழிலாளர்களுக்கான தீபாவளிப் பெட்டிகளைச் செய்து தர விரும்புகிறோம். மைசூர்பா, கடலை மிட்டாய், முறுக்கு, முந்திரி, ஒரு ஜோடி அகல் விளக்கு அடங்கிய பெட்டி ஒன்றின் விலை, ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் சேர்த்து ரூ.650.

பலகாரங்கள் நவம்பர் 1, 2 தேதிகளில் செய்யப்பட்டு 3ஆம் தேதி காலை உங்கள் வாசலுக்கு வரும். உடைந்த பெட்டிக்கு மாற்றாக 5 பெட்டிகள் கூடுதலாக அனுப்புகிறோம், அவற்றுக்கு விலை இல்லை. உங்கள் நிறுவன முத்திரை பெட்டியின் மேலுறையில் அச்சிடப்படும்.

ஒரு சாம்பிள் பெட்டியை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப எந்த நாள் வசதி? செப்டம்பர் 20க்குள் ஆர்டர் கிடைத்தால் மேற்கண்ட தேதி உறுதி. விவரத் தாளை இணைத்துள்ளோம்.

அன்புடன்,
(பெயர், கைபேசி எண், ஜிஎஸ்டி எண், உணவு உரிம எண்)

இந்தக் கடிதம் கேட்பது ஒன்றே ஒன்று: சாம்பிள் அனுப்ப ஒரு நாள். ஆர்டரையே கேட்டால் அதிகாரி யோசிப்பார், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார். சாம்பிளுக்குச் சரி சொல்ல அவருக்கு யார் அனுமதியும் வேண்டாம். நான்கைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை தொலைபேசியில் பேசலாம். இரண்டாவது கடிதத்தில் புதிதாகச் சொல்ல ஒரு செய்தியாவது இருக்க வேண்டும், அச்சகத்துக்குப் பெட்டி அனுப்பும் கடைசித் தேதி அப்படிப்பட்ட ஒன்று.

விவரத் தாள் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். அதிகாரி அதை அச்செடுத்து முதலாளி மேசையில் வைப்பார். கடிதத்தைப் படிக்காத முதலாளிக்கு அந்த ஒரு தாளே எல்லாம் சொல்ல வேண்டும். திறந்த பெட்டியின் உண்மையான படம் மேலே இருக்கட்டும். வாங்கிய படத்தைப் போட்டுவிட்டு வேறு பெட்டி அனுப்பினால் அடுத்த ஆண்டு அந்த வாசலில் நிற்க முடியாது.

தீபாவளிப் பெட்டி 2026

*விளக்குப் பெட்டி, ரூ.650:* நெய் மைசூர்பா 250 கிராம், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 200 கிராம், மணப்பாறை முறுக்கு 200 கிராம், வறுத்த முந்திரி 100 கிராம், மண் அகல் ஒரு ஜோடி.

*சிறு பெட்டி, ரூ.540:* மேலே உள்ளவற்றில் முந்திரி தவிர மற்றவை.

முழுக்கச் சைவம், முட்டை சேராதது. ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரித்த தேதி, எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்ற தேதி, உரிம எண்.

கைப்பிடி உள்ள பெட்டி, பேருந்தில் எடுத்துச் செல்ல வசதி. குறைந்தபட்ச ஆர்டர் 100. கிளை அலுவலகங்களுக்குத் தனித்தனியே அனுப்பப்படும்.

ஆர்டருடன் 50 சதவீதம், சரக்கு இறங்கியதும் மீதி.

விலை இரண்டு போதும். ஏழெட்டு வகை காட்டினால் முடிவு தள்ளிப்போகும், கூடத்திலும் வேலை சிதறும். கைப்பிடியைச் சும்மா எழுதவில்லை. இரவுப் பணி முடித்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தொழிலாளிக்குக் கைப்பிடி இல்லாத பெட்டி பெரும் சுமை, அந்த முணுமுணுப்பு நேராக மனிதவளப் பிரிவுக்குத்தான் வரும்.

நிறுவன முத்திரையைப் பெட்டியிலேயே அச்சிடக் கூடாது. பொதுவான பெட்டியைச் செய்து, முத்திரையை மேலுறையில் மட்டும் அச்சிட்டால், ஆர்டர் 240இலிருந்து 215 ஆகக் குறைந்தாலும் மிஞ்சும் பெட்டி வேறொருவருக்கு உதவும்.

சாம்பிள் பெட்டியை நேரில் கொண்டுபோகாமல் பார்சல் சர்வீசில் அனுப்பிப் பார்ப்பது நல்ல சோதனை. முறுக்கு எண்ணெய் அட்டையில் கறையாக ஏறியிருக்கிறதா, மைசூர்பாவின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்பது வந்து சேர்ந்தபின் திறந்தால்தான் தெரியும். கறை ஏறினால் முறுக்கை எண்ணெய் வடியவிட்டு ஆறியபின் காற்றுப்புகாத உறையில் அடைக்க வேண்டும். உதிர்ந்தால் மைசூர்பாவைத் தட்டில் அடுக்கி, மேலே இடைவெளி இல்லாமல் மூட வேண்டும்.

கடைசியாகப் பணம். 240 பெட்டிக்கு அடக்க விலை 1,27,200 ரூபாய். முன்பணமாக வரும் பாதி 78,000. மீதி 49,200 கூடத்தின் சொந்தக் காசு. வாங்கும் நிறுவனத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்ய பான், ஜிஎஸ்டி சான்று, ரத்து செய்த காசோலை கேட்பார்கள். இவற்றைச் செப்டம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளி முடிந்தும் பில் நகராது. உதயம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு சட்டம். உதயம் எண்ணைப் பில்லிலேயே அச்சிடுவது நல்லது. பிறரிடம் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அவர்கள் பெட்டி லாரியில் ஏறுவதற்கு முன்பே முழுத் தொகையையும் வாங்கிவிட வேண்டும்.