கரண்ட் பில்லில் எந்த எண்ணை எழுதுவது?

மாத வரவு செலவை நோட்டில் எழுதும் பழக்கம் உள்ள வீடுகளில் கரண்ட் பில்லுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். ‘ஜூன் – கரண்ட் – 2,174’. பால், கேஸ், மளிகை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரி போதும். கரண்டுக்குப் போதாது. ஏன் என்று பார்க்க, ஏப்ரலில் 1,251 ரூபாய், ஜூனில் 2,174 ரூபாய் கட்டிய ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீட்டில் உடனே விசாரணை தொடங்கும். யார் ஏ.சி.யை அணைக்காமல் தூங்கினது, யார் ஹீட்டரை மறந்தது என்று ஆள் ஆளுக்குக் கை காட்டுவார்கள். நோட்டில் இருக்கும் இரண்டு தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. ரீடிங் எடுக்க வருபவர் மீட்டரைப் பார்த்து, பெட்டியருகே தொங்கும் வெள்ளை அட்டையில் தேதி, ரீடிங், யூனிட், தொகை எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார். போனுக்குத் தொகையும் கட்டவேண்டிய கடைசித் தேதியும் எஸ்.எம்.எஸ். ஆக வரும். பெரும்பாலோர் எஸ்.எம்.எஸ். பார்த்துப் பணம் கட்டிவிடுவதால் அட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் செலவுக் கணக்குக்கு வேண்டியது முழுக்க அந்த அட்டை வரியில்தான் இருக்கிறது. அட்டை தொலைந்துபோனவர்கள், இணைப்பு எண்ணை வைத்து மின்வாரியத்தின் இணையதளத்தில் பழைய பில் விவரங்களை எடுத்துக்கொள்ளலாம்.

நாம் பார்க்கும் வீட்டின் அட்டையில் மூன்று வரிகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள். பிப்ரவரி 12 அன்று ரீடிங் 18,240. ஏப்ரல் 11 அன்று 18,652. ஜூன் 14 அன்று 19,168. ரீடிங் என்பது அந்த மீட்டர் பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஓடிய மொத்த யூனிட், வண்டியில் கிலோமீட்டர் ஓடுவது மாதிரி. அதனால் இன்றைய ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழித்தால் இந்தத் தவணைக்கு உரிய யூனிட் கிடைக்கும். ஏப்ரலில் 412, ஜூனில் 516. தொகை முக்கால் பங்கு ஏறியது, யூனிட்டோ கால் பங்குதான் ஏறியிருக்கிறது.

இன்னும் ஒரு கழித்தல் பாக்கி இருக்கிறது, அது தேதியில். பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் 11 வரை 58 நாள். ஏப்ரல் 11 முதல் ஜூன் 14 வரை 64 நாள். இரண்டு மாதக் கணக்கு என்று சொன்னாலும் ரீடிங் எடுக்கும் நாள் முன்னே பின்னே நகரும். நாள் கணக்கில் வகுத்தால் முதல் தவணையில் ஒரு நாளைக்கு 7.1 யூனிட், அடுத்ததில் 8.06 யூனிட். கத்திரி வெயிலையும் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டின் உண்மையான பயன்பாடு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஏ.சி. குற்றவாளிதான், ஆனால் வீட்டில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய குற்றவாளி இல்லை.

அப்படியென்றால் பணம் எப்படி இவ்வளவு ஏறியது? 500 யூனிட் என்ற கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். முதல் 100 யூனிட்டுக்குக் காசு கிடையாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு யூனிட் ஒன்றுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அதனால் 412 யூனிட்டுக்கு 235, 940, 75.60 என்று கூட்டி 1,250 ரூபாய் 60 காசு வந்தது. 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு 8.40 என்பதோடு கதை முடிவதில்லை. முன்பு 2.35-க்குக் கிடைத்த அந்த இரண்டாவது நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல்!

நம் வீடு 516-இல் நின்றது. 1,410, 630, 134.40 என்று கூட்டி 2,174 ரூபாய் சொச்சம். கடைசி 16 யூனிட்டை மிச்சம் பிடித்திருந்தால் 369 ரூபாய் மிஞ்சியிருக்கும், அதாவது யூனிட்டுக்கு 23 ரூபாய். அந்த 16 யூனிட் இரண்டு நாள் உபயோகம்தான். அதே பயன்பாட்டோடு 60-ஆம் நாளே ரீடிங் எடுத்திருந்தால் 484 யூனிட், 1,704 ரூபாயோடு முடிந்திருக்கும். தொகையை மட்டும் எழுதிவைத்த நோட்டில் இதில் எதுவும் தெரியாது.

ஆக, எடுக்கவேண்டியவை தேதி, ரீடிங், யூனிட், தொகை என்ற நாலுதான். போனில் கணக்குத்தாள் வைத்திருப்பவர்கள் A-இல் தேதி, B-இல் ரீடிங் மட்டும் பதிந்தால் போதும். C3-இல் `=A3-A2` என்று கொடுத்தால் நாள், D3-இல் `=B3-B2` என்று கொடுத்தால் யூனிட். 800 யூனிட் வரை வரவேண்டிய தொகையை E3-இல் இப்படிக் கணக்கிடலாம்:

```
=IF(D3<=500,
 2.35*MAX(0,MIN(D3,200)-100)+4.7*MAX(0,MIN(D3,400)-200)
 +6.3*MAX(0,D3-400),
 2040+8.4*MIN(D3-500,100)+9.45*MAX(0,D3-600))
```

அந்த 2,040 என்பது 500-ஐத் தாண்டியவர்களுக்கு முதல் ஐந்நூறின் விலை. கட்டணம் மாறும்போது இந்த எண்களையும் மாற்றவேண்டும். பழைய வரிசைகளைத் தொடவேண்டாம், அவை அந்தக் காலத்துக் கட்டணத்திலேயே இருக்கட்டும்.

பில்லில் உள்ள தொகையும் இந்தத் தொகையும் பெரும்பாலும் ரூபாய்க் கணக்கில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதபோது உடனே பில் தப்பு என்று கிளம்பவேண்டாம். நாம் கட்டும் தொகையில் மின்சாரத்தின் விலை மட்டும் இருக்காது. போன தவணை பாக்கியும் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். கூடுதல் டெபாசிட் கேட்டிருக்கலாம். ஏற்கெனவே கட்டியிருக்கும் டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வட்டி கழித்துக் கொடுப்பதால் தொகை குறைந்தும் வரலாம். அதனால் ‘சி.சி. சார்ஜ்’ என்று தனியாகக் காட்டும் மின் உபயோகக் கட்டணத்தை ஒரு கட்டத்திலும், கையிலிருந்து போன பணத்தை இன்னொரு கட்டத்திலும் எழுதுவது நல்லது. டெபாசிட்டைக் கரண்ட் செலவில் சேர்த்தால் அந்த மாதம் வீணாகப் பயமுறுத்தும்.

எண்ணைத் தவறாகப் படிப்பதும் சாதாரணமாக நடக்கும். அட்டையைப் போட்டோ எடுத்து அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. ஆனால் அவசரக் கையெழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் இடம் மாறிவிடும். நான் நம்புவது இரண்டு சோதனைகளை. இந்தப் பில்லில் ‘முந்தைய ரீடிங்’ என்று இருப்பது, போன வரியில் நாம் எழுதிய ரீடிங்கோடு ஒத்துப்போகவேண்டும். இரண்டு ரீடிங்கையும் கழித்து வருவது, பில்லில் போட்டிருக்கும் யூனிட்டோடு ஒத்துப்போகவேண்டும். 19,168-ஐ 19,768 என்று படித்திருந்தால் யூனிட் 1,116 என்று வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கழித்தல் தோற்றுப்போகும் இடங்களும் உண்டு. மீட்டர் மாற்றியிருந்தால் புது ரீடிங் பழையதைவிடச் சிறியதாக இருந்து விடை மைனஸில் வரும். உதாரணமாக, 19,168-க்குப் பிறகு பழைய மீட்டரைக் கழற்றும்போது 19,310 இருந்தது, புது மீட்டர் 3-இல் தொடங்கி இப்போது 271 காட்டுகிறது என்றால், பழையதில் 142, புதியதில் 268, ஆக 410 யூனிட். கழற்றும் நாளில் இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்துவைக்காதவர்கள் பிறகு அந்த 19,310-ஐத் தேடி அலையவேண்டியிருக்கும்.

இன்னொன்று பூட்டிய வீடு. ரீடிங் எடுக்க முடியாத தவணைக்கு முந்தைய தவணைத் தொகையே வரும். அதற்கு நேராக நோட்டில் ரீடிங் எழுதாமல் காலியாக விடுங்கள். போன தவணை யூனிட்டைப் பார்த்து எழுதினால் கணக்கு அடுத்தடுத்து உதைக்கும். அடுத்த முறை வரும் வித்தியாசம் நாலு மாதத்துக்கு உரியது. அதை இரண்டு தவணைக்கும் பங்கிட்டு, இலவச நூறை இரண்டு முறை கழித்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.

மாத பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தலைவலி உண்டு. ஜூனில் கட்டிய 2,174 ஜூன் மாதச் செலவு இல்லை. 64 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 34 ரூபாய். ஏப்ரலின் 19 நாளுக்கு 645, மே மாதத்துக்கு 1,053, ஜூனின் 14 நாளுக்கு 476 என்று வரும். இவ்வளவு நுணுக்கம் எல்லாருக்கும் தேவையில்லை. வாடகை வீட்டில் நடுமாதத்தில் குடி மாறுகிறவர்களுக்கு நிச்சயம் தேவை. அவர்கள் சாவி வாங்கும் அன்றே ரீடிங்கை எழுதிக்கொள்ளவேண்டும்.

தவணைக்கு நடுவே மீட்டரை நாமே பார்ப்பதும் எளிது. டிஜிட்டல் மீட்டரில் வோல்டேஜ், நேரம், அதிகபட்ச லோடு என்று பல எண்கள் மாறி மாறி ஓடும். பக்கத்தில் kWh என்று இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வெறும் kW என்று இருந்தால் அது வேறு. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை விட்டுவிடலாம். நம் வீட்டில் ஜூலை 29 அன்று, அதாவது 45-ஆம் நாள், 19,530 காட்டுகிறது என்று வையுங்கள். 362 யூனிட் ஓடியிருக்கிறது, நாளுக்கு 8.04. இதே வேகத்தில் போனால் 60-ஆம் நாள் 483, 62-ஆம் நாள் 499. அந்த 62-ஆம் நாள் ஆகஸ்ட் 15, அன்று விடுமுறை. ரீடிங் எடுப்பவர் மறுநாள் வந்தால் 507.