வலிக்கும் காலை நடக்க வைக்கும் சிகிச்சை

200 மீட்டர் நடந்தால் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. நின்றால் மூன்று நான்கு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே பிடிப்பு. இப்படிச் சொல்லும் 62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலம் பீடி குடித்தவர். வீட்டில் எல்லோரும் வாய்வு என்கிறார்கள். தைலமும் தேய்த்துப் பார்த்தாயிற்று.

அவர் சொன்னதிலேயே நோயின் அடையாளம் இருக்கிறது. காலுக்குப் போகும் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டது. சும்மா இருக்கும்போது வரும் ரத்தம் சதைக்குப் போதும். நடக்கும்போது அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது, அந்தப் பற்றாக்குறைதான் வலி. அதனால் நின்றாலே போதும், உட்கார வேண்டியதில்லை. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நிற்பதால் வலி போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஊசி, ஸ்கேன் எதுவும் முதலில் தேவையில்லை. பத்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பாதத்து நாடியை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது கடினம் என்பதால் பேனா போன்ற டாப்ளர் கருவியை ஜெல் தடவி வைக்கிறார்கள். உள் கணுக்காலின் பின்புறம் ஓர் இடம், பாதத்தின் மேற்புறம் ஓர் இடம். இரண்டில் எது அதிகமோ அதுவே அந்தக் காலின் அளவு. நம்மவருக்குக் கைகளில் 150, 146. வலது காலில் 90, 84. காலின் 90ஐக் கையின் அதிக அளவான 150ஆல் வகுத்தால் 0.60. இதுதான் கணுக்கால்–கை அழுத்த விகிதம். ஒன்று அல்லது சற்றே மேல் இருப்பது இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனியில் அடைப்பு என்று கொள்ளலாம்.

இந்தப் பரிசோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. பல வருடச் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்பட்டுவிடும். எவ்வளவு காற்றடித்தாலும் ரத்தக்குழாய் அமுங்காது, விகிதம் 1.40ஐத் தாண்டிப் போகும், அல்லது அடைப்பை மறைத்து இயல்பு போலவே காட்டும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இனி சிகிச்சை. வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். இங்கே முறை நேர்மாறு. வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம், டிரெட்மில்லில் மேற்பார்வையோடு நடை. மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி தொடங்கி, நடுத்தர அளவுக்கு ஏற வேண்டும். வலி எட்டிப் பார்த்ததுமே கைப்பிடியைப் பற்றுகிறவரிடம் பிசியோதெரபிஸ்ட், "இப்பவே நிக்காதீங்க ஐயா, இன்னும் கொஞ்சம் போகலாம்" என்பார். வலி ஏறியதும் நிறுத்தி, முழுக்கப் போகும்வரை இளைப்பாறி, மறுபடி நடை. ஓய்வும் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை. எட்டுப் பத்து நிமிடம் தாங்கும் நிலை வந்தால் சரிவையோ வேகத்தையோ கூட்டுவார்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து அதே காலில் விகிதத்தை அளந்தால் பெரும்பாலும் 0.60ஐ ஒட்டியே இருக்கும். அடைப்பு கரைவதில்லை. கிடைக்கிற ஆக்சிஜனைச் சதை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுகிறது, ரத்தக்குழாய்களும் நன்றாக விரிகின்றன. அதனால்தான் தூரம் கூடுகிறது. இடுப்புப் பகுதித் தமனியில் அடைப்பு உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த கிளெவர் ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. ஆறு மாதத்தில் டிரெட்மில்லில் நடக்கும் நேரம் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட மேற்பார்வையில் நடந்தவர்களுக்கே அதிகம் கூடியிருந்தது. ஸ்டென்ட்டும் பலன் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மேற்பார்வை எதற்கு, நாமே பூங்காவில் நடந்தால் போதாதா? வலி வராத வேகத்தில் நடந்தால் போதாது. 2021இல் வெளிவந்த லைட் ஆய்வில் வலி தெரியாமல் மெதுவாக நடந்தவர்கள், பயிற்சியே செய்யாதவர்களைவிட ஓராண்டில் முன்னேறவில்லை; வலி வரும் வேகத்தில் நடந்தவர்கள் முன்னேறினார்கள். தனியாக நடப்பவர் முதல் வலியிலேயே நின்றுவிடுகிறார். இன்னொரு காரணம், காலில் படிந்த கொழுப்பு இதயத் தமனியிலும் இருக்கக்கூடும். நடையின்போது நெஞ்சு வலித்தால் கவனிக்க ஆள் வேண்டும். மையம் அருகில் இல்லாதவர்கள் மருத்துவரிடம் இதய நிலையைப் பார்த்துக்கொண்டு, நடந்த நேரத்தையும் வலியையும் நோட்டில் குறித்து, இதே முறையில் வீட்டருகே நடக்கலாம். பீடியை நிறுத்துவதும், கொழுப்புக்கான ஸ்டாடின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆகியவையும் நடையோடு சேர்ந்தவை. மாரடைப்பைத் தடுப்பது முக்கியமாக அவைதான்.

எல்லாக் கால்வலிக்கும் இந்த நடை பொருந்தாது. இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதா, விரலில் புண் ஆறாமல் கிடக்கிறதா, அப்போது நடைப்பயிற்சியை ஆரம்பிக்காமல் ரத்தநாள அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனால் சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.